எல்லைக்கல்லும் கடுகுத் தாளிப்பும்

சுண்டைப்பள்ளத்துச் சுப்பையாவுக்கு இரண்டு பெயர்கள். பட்டாவில் வெறும் சுப்பையா. மற்ற எல்லா இடத்திலும் தாளிப்பு சுப்பையா. கடுகு வெடித்து, வரமிளகாய் கருகி, கறிவேப்பிலை படபடவென்று பொரிந்து விழாத எந்தச் சாறும் அவருக்கு வெந்நீர்தான். கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்தால் முதலில் ரசத்தை முகர்ந்து பார்ப்பார். பெருங்காயம் குறைந்திருந்தால் மாப்பிள்ளை வீட்டாரைப் பார்க்கிற பார்வையே மாறிவிடும். ராமாபுரம் சந்தைக்கு வண்டி கட்டிக்கொண்டு நிலக்கடலை விற்கப் போவார். விலை என்ன போனது என்று கேட்டால் மறந்துபோயிருக்கும். அங்கே கிளப்புக் கடையில் என்ன குழம்பு என்று கேட்டால் அரை மணி நேரம் சொல்வார்.

இப்படிப்பட்ட மனிதரை ஊர் மதிக்குமா? மதிக்கவில்லை. அவர் பேச வாயெடுத்தால், "சாப்பிட்டாச்சா சுப்பையா" என்று கேட்டுச் சிரிப்பார்கள். அவரும் கூடவே சிரித்துவிடுவார். ஆனால் அந்தச் சிரிப்பு அவருக்கு உள்ளூர வலித்தது. சாப்பாட்டைத் தவிர வேறு எதற்காகவாவது ஊர் தன்னை ஒரு தடவை நிமிர்ந்து பார்க்க வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டார். அந்த ஆசையை யாரிடமும் சொன்னதில்லை. மனைவி நாச்சம்மாளுக்கு மட்டும் சொல்லாமலே தெரியும்.

கொள்ளேகால் தாலுகாவைக் கோயமுத்தூர் ஜில்லாவிலிருந்து பிரித்து மைசூரோடு சேர்த்த மறு வருஷம் அந்த ஆசை பலித்தது. மாரியம்மன் நோம்பி சாட்டுகிற, அதாவது திருவிழாவை அறிவிக்கிற அன்று, முதல் பூவோடு யார் எடுப்பது என்று அம்மன் தலையில் பூ வைத்து, யார் பெயருக்கு விழுகிறது என்று பூக் கேட்டார்கள். பூவோடு என்றால் தீக்கங்கு நிறைந்த சட்டி. வேப்பிலையைக் கையில் வைத்து அதன்மேல் சட்டியை ஏந்திக்கொண்டு ஊர்வலத்தின் முன்னால் நடக்க வேண்டும். முதல் பூவோடு எடுப்பவரை அந்த ஒரு நாள் ஊரே கும்பிடும். அம்மன் தலையிலிருந்து பூ விழுந்தது சுப்பையா பெயருக்கு. கூட்டத்தில் யாரோ, "அம்மனுக்கும் பசி போல" என்றார்கள். சுப்பையா அழுதுவிட்டார்.

பூசாரி மாதப்பனுக்கு முகம் சுண்டிப்போனது. மாதப்பன் சுப்பையாவுக்குப் பங்காளி. சித்தப்பா மகன். இந்த வருஷப் பூவோட்டைத் தன் மருமகனுக்கு எடுத்துக் கொடுப்பதாகச் சம்பந்தி வீட்டில் வாக்குக் கொடுத்திருந்தார். பூ அவர் கையால் வைத்த பூதான். அப்படியும் அது சுப்பையாவைத் தேடி விழுந்தால் பாவம், அவர் என்ன செய்வார்.

நோம்பி சாட்டிவிட்டால் ஊருக்குச் சில கட்டுப்பாடுகள் உண்டு. ஊர் எல்லை தாண்டிப் போனவன் பொழுது சாய்வதற்குள் திரும்பிவிட வேண்டும், வெளியூரில் இராத்தங்கக் கூடாது. கவிச்சி கூடாது. எண்ணெயில் தாளிக்கவும் கூடாது. அம்மன் வெக்கை தணிய வந்தவள், அவள் மூக்கில் கடுகு நெடி ஏறக் கூடாது என்பது கணக்கு. பூவோடு எடுப்பவர் இதில் எதை மீறினாலும் சட்டி கை மாறிவிடும்.

சுப்பையா சத்தியமாக முயன்றார். உப்பும் புளியும் மட்டும் போட்ட சாற்றைக் களியோடு கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினார். சில நாளில் கன்னம் ஒட்டிப்போனது. ராத்திரி தூக்கத்தில் "கறிவேப்பிலை" என்று முனகினார். நாச்சம்மாளுக்குப் பொறுக்கவில்லை. ஒரு நாள் மத்தியானம் கதவைச் சாத்தினாள், சட்டியை மூடினாள், மூடியின்மேல் ஈரத்துணி போட்டாள், அதற்குள்ளே கொஞ்சூண்டு கடுகு தாளித்தாள்.

கடுகு வாசனைக்குக் கதவும் தெரியாது, ஈரத்துணியும் தெரியாது. சுப்பையாவின் வீட்டுக்கு வடக்கே, கூப்பிடு தூரத்தில் அம்மன் கோயில். நோம்பி முடிகிறவரை அங்கேயே விரதமாகப் படுத்துக் கிடந்த மாதப்பன் எழுந்து உட்கார்ந்தார். மூக்கை ஒரு சுற்றுச் சுற்றினார். பிறகு நேராக ஊர்க்கவுண்டர் வீட்டுக்கு நடந்தார்.

"கவுண்டரே, நம்ம சுப்பையா ஊட்ல தாளிச்சுப்போட்டாங்க. அம்மன் மேல ஆணையாச் சொல்றேன், என்ற மூக்கு பொய் சொல்லாது."

ஊர்க்கவுண்டர் நிதானமான மனிதர். எந்த வழக்கானாலும் முதலில் வெற்றிலை போட்டுக்கொள்வார். அது மென்று முடிவதற்குள் பாதி வழக்கு தானாகவே தீர்ந்துவிடும். இது தீரவில்லை. மறுநாள் காலையில் கூட்டம் என்று சொல்லியனுப்பினார்.

அதே மறுநாள் காலையில்தான் சர்வேயர் அமலதாஸும் வந்து இறங்கினார்.

அவர் நோம்பிக்கு வந்தவர் இல்லை. சுப்பையாவும் மாதப்பனும் போன வருஷமே கொடுத்த மனுவுக்காக வந்தவர். பங்காளிகள் இருவருக்கும் பொதுவில் இருந்த நிலம் சர்வே நம்பர் 143/2. ஒரு காலத்தில் 143 முழுவதும் ஒரே காடு. அதில் மேற்குப் பாதியை அவர்கள் பாட்டன் விற்றபோது அது 143/1 ஆகி வேறு கைக்குப் போனது. மிஞ்சிய கிழக்குப் பாதி 143/2. இப்போது அதையும் பங்காளிகள் இரண்டாகப் பிரித்து, தெற்குப் பங்கை 143/2A என்று சுப்பையா பேருக்கும், வடக்குப் பங்கை 143/2B என்று மாதப்பன் பேருக்கும் உட்பிரிவு செய்து தரச் சொல்லிக் கேட்டிருந்தார்கள். அமலதாஸ் மைசூர் டவுன்காரர். கிறிஸ்தவர். மாற்றலாகி வந்து கொஞ்ச காலந்தான். தமிழும் கன்னடமும் அவர் வாயில் ஒரே பாத்திரத்தில் வெந்தவை. குடை, தகரப் பெட்டி, அளக்கிற சங்கிலி, அதை இழுக்கத் தலையாரி, இவ்வளவோடு வந்தவர், கோயில் முன்னால் இத்தனை ஜனம் எதற்குத் தனக்காகக் கூடியிருக்கிறது என்று கொஞ்சம் கூச்சப்பட்டார்.

"வழக்கு அப்பறம் பாத்துக்கலாம். சர்க்கார் ஆளு வெய்யலுக்கு முந்தி அளந்துட்டுப் போவட்டும்" என்றார் ஊர்க்கவுண்டர். வெற்றிலை மெல்ல இன்னும் கொஞ்சம் நேரம் கிடைத்ததில் அவருக்குச் சந்தோஷம். கூட்டம் கலையாமல் சங்கிலியின் பின்னாலேயே போனது. நோம்பிக் காலத்தில் ஜனங்களுக்கு வேறு வேலை ஏது?

அமலதாஸ் 143-இன் வரைபடத்தை விரித்தார். "உள்ளே பிரிக்கறதுக்கு முன்னாடி வெளிக்கோடு சரியா இருக்கான்னு பாக்கணும். 143-க்கு கிழக்குக் கோடு சும்னே கோடு இல்ல, நோடி, பாருங்க. அதுதான் உங்க ஊர் எல்லை. அந்தப் பக்கம் வேற கிராமம்."

"கருங்கல்தொட்டி" என்றார்கள் நாலைந்து பேர் ஒரே குரலில். தொட்டி பக்கத்து ஊர். சுண்டைப்பள்ளத்துக்காரர்கள் அந்தப் பெயரைச் சொல்லும்போது உதடு லேசாகக் கோணும்.

"எல்லை எங்களுக்குத் தெரியுமுங்க" என்றார் மாதப்பன். "கோயலுக்குக் கெழக்க ஒரு வேம்பு, அதுக்கங்கிட்டுத்தான் தொட்டி. வருஷா வருஷம் எல்லை கட்டறது நாந்தான்."

"வேம்பு என் மேப்புல இல்லியே சாமி. மேப்புல கல்லுதான் இருக்கு."

தெற்கு ஓரத்தில், பள்ளமும் தொட்டியும் சர்க்கார் வனமும் மூன்றும் சேருகிற இடத்தில் ஒரு பெரிய கல் பத்திரமாக நின்றது. அதுதான் 143-இன் தென்கிழக்கு மூலை. அதிலிருந்து வடக்கே, வரைபடத்தில் சொன்ன திக்கில், சொன்ன தூரத்தில் அடுத்த கல் இருக்க வேண்டும். தலையாரி சங்கிலியை இழுத்தார். சங்கிலி கடலைக்காட்டைத் தாண்டியது, வைக்கோல்போரைச் சுற்றாமல் அதன்மேல் ஏறி இறங்கியது, கடைசியில் சுப்பையா வீட்டுச் சமையலறைச் சுவரில் முட்டி நின்றது.

"இன்னும் பத்துப் பன்னெண்டு அடி இருக்கே" என்றார் அமலதாஸ். "உள்ளே போலாமா?"

கூட்டம் முழுவதும் சமையலறைக்குள் போக முடியாது. அளவுக்கு மீறிய ஆவலோடு மாதப்பன் முதல் ஆளாக நுழைந்தார். அடுப்புக்கு மேற்கே, தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்கு ஒரு கல் நட்டிருந்தது. நாச்சம்மாள் அதன்மேல் தண்ணீர்க்குடம் வைத்திருந்தாள்.

"இது எப்பவிருந்து இருக்கு?" என்றார் அமலதாஸ்.

"நான் வாக்கப்பட்டு வந்தப்பவே இருக்குதுங்க" என்றாள் நாச்சம்மாள். "மாமனார் ஊட்டை நீட்டிக் கட்டறப்போ இது குறுக்க இருந்துதாம். சர்க்கார் கல்லு, நகத்தப்படாதுன்னு அதைச் சுத்தியே செவுரு வெச்சுப்போட்டாரு. கொடம் வெக்க வசதியா இருக்குது."

குடத்தை இறக்கினார்கள். கல்லின் தலையில், குடத்தின் அடி தேய்ந்து வட்டம் விழுந்த இடத்தின் நடுவில், சர்வே வெட்டிய குறி இருந்தது. தூரமும் பிசகாமல் ஒத்தது. அமலதாஸ் வரைபடத்தில் ஒரு டிக் போட்டார். "நகராம இருக்கு. ரொம்ப நல்ல மனுஷர் உங்க மாமனார். சரி, கல்லுக்கு மேற்கே 143. கல்லுக்குக் கிழக்கே கருங்கல்தொட்டி."

எல்லோரும் கல்லுக்குக் கிழக்கே பார்த்தார்கள். அங்கே அடுப்பு இருந்தது. அடுப்பின்மேல் நேற்றுத் தாளித்த சட்டி கவிழ்த்து வைத்திருந்தது.

அந்த இடத்தில் நாச்சம்மாளின் மூளை வேலை செய்த வேகத்தைச் சுப்பையா பிறகு வெகு காலம் வியந்து சொல்வதுண்டு. அவர் அப்போது, அவமானத்தில் எந்த மூலையில் நின்று முகத்தை மறைக்கலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தார். அவளோ முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வாசலுக்கே வந்து நின்றாள்.

"கவுண்டரே, வழக்கு கேட்டுப்போட்டுப் போங்க. நேத்து நான் தாளிச்சேன். இல்லீங்கல. ஆனா தாளிச்சது தொட்டியில. தொட்டிக்கு இப்ப நோம்பி சாட்டலை. அவுங்க ஊர்ல ஆட்டுக்கறியே கொதிக்குது. கடுகுக்குப் போயி பள்ளத்துப் பஞ்சாயத்து எதுக்குங்க?"

ஊர்க்கவுண்டர் மெல்லுவதை நிறுத்தினார். கூட்டத்தில் ஒரு பெண் சிரித்தாள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். சுப்பையாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆனால் பூசாரி மாதப்பன் விடுகிற ஆள் இல்லை.

"சரிங்க. அடுப்பு தொட்டியில இருக்கட்டும். பூவோடு எடுக்கறவன் ராத்திரி எங்க படுத்தான்? அவன் கட்டலு எங்க கெடக்குதுன்னு பாருங்க. வெளியூர்ல இராத்தங்குனவனுக்குப் பூவோடு கெடையாது. அதுல மாத்தம் உண்டா?"

"இல்லை" என்றார் கவுண்டர் வருத்தத்தோடு.

கட்டில் சமையலறைக்கு வடக்கே, அடுத்த அறையில் கிடந்தது. அமலதாஸுக்கு இதில் துளியும் இஷ்டமில்லை. உட்பிரிவு செய்ய வந்தவனைக் கட்டில் அளக்கச் சொன்னால் எந்த விதியில் சேர்ப்பது? ஆனால் எல்லைக்கோடு அந்த அறை வழியாகத்தான் போக வேண்டியிருந்தது. வரைபடத்தில் காட்டிய திக்கில் ஒரு கயிற்றைப் பிடிக்கச் சொன்னார். கயிறு கட்டிலின் குறுக்கே, சரியாகச் சுப்பையாவின் மார்பு வருகிற இடத்தில் கிடந்தது. தலையணை தொட்டியில். கால்மாடு பள்ளத்தில்.

இதுவரை சுண்டைப்பள்ளத்தில் யாரும் யோசிக்காத ஒரு கேள்வி அப்போது பிறந்தது. ஒருவன் தூங்குகிறான் என்றால் அவன் எங்கே தூங்குகிறான், தலை இருக்கிற இடத்திலா, கால் இருக்கிற இடத்திலா? கால் பள்ளத்தில் இருப்பதால் ஆளும் பள்ளத்தில்தான் என்றது ஒரு கட்சி, ஆள் நிற்பது காலால்தானே என்று கேட்டது. படுத்தவன் நிற்கிறானா என்று திருப்பிக் கேட்டது இன்னொரு கட்சி. குறட்டை எந்த ஊரில் கேட்கிறது என்று பார்த்துவிடலாம் என்றார் தலையாரி. சுப்பையாவைக் கட்டிலில் படுக்கவைத்தும் பார்த்தார்கள். மார்பின்மேல் எல்லைக்கயிறு ஓட, அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். ஒரு தடவை, வாழ்நாளில் ஒரே ஒரு தடவை கிடைத்த மரியாதை, இப்படித் தலைக்கும் காலுக்கும் நடுவில் அறுந்து போகிறதே என்று நினைத்தார்.

"தலைதான் கணக்கு" என்றார் ஊர்க்கவுண்டர் கடைசியில். "தூக்கம் வர்றது தலைக்குத்தான்."

மாதப்பன் கைகூப்பினார்.

அமலதாஸ் தொண்டையைக் கனைத்தார். "ஒரு நிமிஷம். இது அந்தாஜுக் கோடு, உத்தேசந்தான். சமையல்ரூம் கல்லுகிட்ட கோடு கொஞ்சம் திரும்புது, அந்த ஒரு கல்லை வெச்சுக்கிட்டுக் கோடு போட முடியாது. வடக்கு மூலைக் கல்லும் கிடைச்சாத்தான் சுத்தமா சொல்லலாம். கோடு ரெண்டு அடி கிழக்கே போனா தலையணையும் பள்ளத்துக்கு வந்துடும்."

சுப்பையா கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார். கவுண்டர் மாதப்பனைப் பார்த்தார்.

"அதையுந்தான் பாத்துருவோம்" என்றார் மாதப்பன் பெருந்தன்மையாக. "நாளைக்கு யாரும் பூசாரி ஓரவஞ்சனை பண்ணுனான்னு சொல்லப்படாது. சங்கிலியைப் போடுங்க. நானே ஒரு முனை புடிக்கறேன்."

அப்படியே பிடித்தார். சங்கிலி வீட்டின் வடக்குச் சுவரைத் தாண்டியது. ஊர் பின்னால் வந்தது. தயிர் விற்க வந்த தொட்டி ஊர் பசம்மாவும் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு வேடிக்கை பார்க்கப் பின்னால் வந்தாள். அந்த நேரத்தில் அவளை யாரும் கவனிக்கவில்லை. மாதப்பன் உற்சாகமாக முன்னே நடந்தார். நடந்து நடந்து, தூரம் முடிந்த இடத்தில் நின்றார். நின்ற இடம் அம்மன் கோயிலின் மேற்குச் சுவரோரம். எதிரே காவக்காரசாமி.

காவக்காரசாமி அம்மனுக்குக் காவல் நிற்கிற சாமி. தலைமுறை தலைமுறையாக மஞ்சளும் குங்குமமும் அப்பி, கண்ணுக்கு இரண்டு வெள்ளித் தகடு ஒட்டி, இடுப்பில் சிவப்புத் துணி கட்டிய கல்.

"இங்கேதான் இருக்கணும்" என்றார் அமலதாஸ். வரைபடத்தைப் பார்த்தார். சாமியைப் பார்த்தார். மறுபடி வரைபடத்தைப் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு சங்கடம் பரவியது. "நான் தொடலை. பூசாரி ஐயாவே கொஞ்சம் அந்தத் தலையில இருக்கற மஞ்சளை எடுத்துப் பாக்கட்டும்."

மாதப்பன் சிரித்தார். சாமி கல்லில் சர்க்கார் குறி இருக்குமா என்ற சிரிப்பு. கையால் சுரண்டினார், போகவில்லை. தேங்காய் ஓட்டால் சுரண்டினார். மஞ்சள் ஏடு ஏடாகப் பெயர்ந்தது. அடியில், சுப்பையா வீட்டுக் குடத்தடியில் இருந்த அதே குறி, அச்சு மாறாமல் இருந்தது. மாதப்பன் குனிந்தபடியே இன்னும் கொஞ்சம் மஞ்சளைச் சுரண்டிப் பார்த்தார்.

கல்லுக்கு மேற்கே பள்ளம், 143. கல்லுக்குக் கிழக்கே தொட்டி. கல்லுக்குக் கிழக்கேதான் அம்மன் கோயில் இருந்தது. கர்ப்பக்கிருகமும் இருந்தது, நோம்பிக் கம்பம் நட்ட இடமும் இருந்தது, மாதப்பன் விரதமாகப் படுத்துக் கிடக்கிற பாயும் விரித்தபடியே இருந்தது.

"இருக்காது" என்றார் ஊர்க்கவுண்டர். "கோயலுக்கு எங்க ஊர்ல நம்பர் இருக்கும், பாருங்க."

"ஹௌது, ஆமா, ஊருக்குள்ளே இருக்கற எல்லாத்துக்கும் நம்பர் உண்டு. குளம், பாதை, சுடுகாடு, எதையும் விடமாட்டாங்க. பள்ளத்து மேப்புல கோயிலுக்கு நம்பரே இல்ல. நம்பர் இல்லேன்னா ஊருக்குள்ளே இல்லேன்னு அர்த்தம்." அமலதாஸுக்குத் தொட்டியில் அடுத்த வாரம் வேலை இருந்தது, அதனால் அந்த ஊர் வரைபடமும் பெட்டியில் இருந்தது. எடுத்து விரித்தார். "நோடி. கருங்கல்தொட்டி கிராமம், சர்வே நம்பர் 17. கோயில் புறம்போக்கு. தெற்கே உங்க சமையல்ரூம் வரைக்கும் இதே 17தான்."

"பதினேழு எங்க ஊர்க் கொளமுங்க" என்று ஒருவர் ஆவேசமாக முன்னால் வந்தார். "நான் தண்ணி பாய்ச்சறவன். எனக்குத் தெரியாதா?"

"அது பள்ளத்துப் பதினேழு. ஒவ்வொரு ஊருக்கும் ஒண்ணுல இருந்து தனியாத்தான் எண்ணிக்கிட்டு வருவாங்க. ஊர் பேரு இல்லாம வெறும் நம்பர் சொன்னா, தாலுகாவுல எத்தனை ஊர் இருக்கோ அத்தனை பதினேழு."

பசம்மா தயிர்க்கூடையை இறக்கி வைத்தாள். "அப்போ அம்மா எங்க ஊரவளா?" என்று கேட்டாள், வெகு சாதாரணமாக. "இத்தனை வருஷம் நாங்க பூசைக்கு வந்தா ஓரமா நிக்கச் சொன்னீங்களே."

ஊர்க்கவுண்டர் வெற்றிலையைத் துப்பிவிட்டார். அவர் வெற்றிலையை முழுவதும் மெல்லாமல் துப்பி யாரும் பார்த்ததில்லை.

சுப்பையாவுக்கு மெதுவாகத்தான் புரிந்தது. தலை தொட்டியில் வைத்துத் தூங்கியதற்குத் தனக்குப் பூவோடு இல்லை என்றால், தலை கால் உடம்பு மொத்தத்தையும் தொட்டியில் வைத்து, நோம்பி சாட்டிய நாள் முதலாக ஒவ்வொரு ராத்திரியும் தூங்கிய பூசாரிக்கு என்ன? பூசாரி விரதம் கெட்டால் நோம்பியே கெட்டது. மாதப்பனும் அதே கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருந்தார் என்பது அவர் முகத்தில் தெரிந்தது. மஞ்சள் அப்பிய கையைத் துடைக்கக்கூடத் தோன்றாமல் நின்றார். சுப்பையாவுக்கு அவர்மேல் கோபம் வரவேண்டிய நேரத்தில் பரிதாபம் வந்தது.

"எங்களுக்கு எல்லை வேம்புதானுங்க" என்றார் மாதப்பன் ஈனக் குரலில். "அம்மனுக்கு மேப்பு எதுக்கு? எங்க முப்பாட்டங் காலத்துல இருந்து வேம்புதான்."

"வேம்புன்னா வேம்பு" என்றாள் நாச்சம்மாள். "அப்ப என்ற ஊட்டுக்காரரு தலையும் உள்ளூர்ல, காலும் உள்ளூர்ல. இராத்தங்கல் வழக்கு போச்சு."

"ஆனா அடுப்பும் உள்ளூர்ல வந்துருதே" என்று மாதப்பன் கடைசியாக ஒரு மூச்சுப் பிடித்தார். "தாளிப்பு?"

நாச்சம்மாள் அவர் அருகில் வந்தாள். குரலைத் தணித்தாள். ஆனாலும் எல்லோருக்கும் கேட்டது. "தாளிப்பை யாராச்சும் கேட்டா, அடுப்பு எங்க இருக்குதுன்னு நான் சொல்லோணும். அடுப்பு எங்க இருக்குதுன்னு சொன்னா, அந்தக் கல்லு எங்க இருக்குதுன்னு சொல்லோணும். கல்லைச் சொன்னா, அம்மன் எங்க இருக்கான்னு பசம்மா கேப்பா. யாரும் ஒண்ணுங் கேக்கலீன்னா நானும் ஒண்ணுஞ் சொல்ல வேண்டியதில்லை. நீங்களே சொல்லுங்க கொழுந்தனாரே, நேத்து உங்களுக்கு என்ன வாசம் அடிச்சுது?"

மாதப்பன் யோசித்தார். பசம்மாவைப் பார்த்தார். சாமியைப் பார்த்தார்.

"எனக்கு நாலு நாளா சளி" என்றார். "மூக்கே அடைச்சுக் கெடக்குது."

"வழக்கு முடிஞ்சுது" என்றார் ஊர்க்கவுண்டர், மூச்சு விடாமல். "பூவோடு சுப்பையாவுக்குத்தான். பசம்மா, நீயி இனி முன்னால வந்து நின்னு கும்புடு ஆத்தா. உன்ற ஊர்ல போயி ஒண்ணும் பேசிக்க வேண்டாம்."

பசம்மா தயிர்க்கூடையைத் தூக்கிக்கொண்டாள். முன்னால் என்றால் எவ்வளவு முன்னால் என்று கேட்டாள். கம்பத்துக்குப் பக்கத்தில் என்று இடம் காட்டினார்கள். அவளுக்குத் திருப்தி.

அமலதாஸ் அமைதியாகப் பெட்டியை மூடினார். கோயில் அவர் வாங்கி வந்த மனுவில் இல்லை, அடுப்பும் இல்லை. 143/2-ஐ உள்ளே இரண்டாகப் பிரித்து, நடுவில் கல் நட்டு, 2A-யும் 2B-யும் குறித்துக்கொண்டார். வெளிக்கோட்டில் ஒரு இம்மியும் மாற்றவில்லை. போகும்போது சுப்பையாவிடம், "கல்லை மட்டும் நகத்தாதீங்க. குடம் வெச்சுக்குங்க, பரவால்ல" என்று சொன்னார். அதற்குள் காவக்காரசாமிக்குப் புது மஞ்சள் ஏறிவிட்டது, வழக்கத்தைவிடக் கனமாகவே.

அன்று ராத்திரி சுப்பையா சாப்பிட உட்கார்ந்தார். பூவோடு நிச்சயமாகிவிட்டது. அடுப்பு வெளியூரில் இருக்கிறது. இனிமேல் கேட்க ஆளில்லை. சட்டி திறக்கிற சத்தம் கேட்டு ஆசையோடு முகத்தை நீட்டினார். உப்பும் புளியும் மட்டும் போட்ட சாறு. ஒரு கடுகு இல்லை.

"ஏம்புள்ள, தொட்டியில நோம்பி இல்லைன்னு நீதான சொன்னே?"

"சொன்னேன்" என்றாள் நாச்சம்மாள். "அப்ப எனக்கு நம்பர் தெரியலீங்களே. அம்மனும் நானும் ஒரே பதினேழுலதான் குடியிருக்கறோமாம். பக்கத்து ஊட்ல அவ வெக்கையோட கெடக்கறப்போ, இந்த ஊட்ல நான் கடுகு வெடிக்கறதா? நோம்பி முடியட்டும், ஒரு படி தாளிச்சு ஊத்தறேன்."

சுப்பையா வாதாட வாய் திறந்தார். அவள் கண் கலங்கியிருந்ததைப் பார்த்ததும் மூடிக்கொண்டார். வேடிக்கையாகச் சொல்கிறாள் என்றுதான் முதலில் நினைத்திருந்தார். கணவனுக்காக அம்மனிடம் கடன்பட்டுவிட்டோம் என்று அவள் பயந்து போயிருந்தாள். அவர் சாற்றைக் களியோடு விழுங்கினார். இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னார். அதையும் விழுங்கினார். பிறகு எழுந்து போய்க் கட்டிலைத் திருப்பிப் போட்டுத் தலையணையைப் பள்ளத்துப் பக்கம் வைத்துவிட்டுப் படுத்தார்.

பூவோடு எடுக்கிற அன்று சுப்பையா கங்குச் சட்டியை ஏந்தி நடந்தார். காவக்காரசாமியைத் தாண்டும்போது மட்டும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டார். ஊர் இரு பக்கமும் நின்று கும்பிட்டது. கூட்டத்தில் யாரும் அவரைச் சாப்பிட்டாச்சா என்று கேட்கவில்லை. முன்வரிசையில் கம்பத்தருகே பசம்மா நின்றாள். அவளுக்குப் பக்கத்தில் நின்ற நாச்சம்மாள், வேறு எங்கும் பார்க்காமல், சட்டியைத் தாங்கிய அவர் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.